காவலாளிக்குப் புள்ளி போடுவது எப்படி? படிவத்தில் நேரம், விழிப்பு, பண்பு என்று மூன்று பெட்டிதான் இருக்கிறது

உட்துறைமுகம் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் பகலுக்கு ஒரு காவலாளி, இரவுக்கு ஒருவர், உள்வேலைக்கு ஒரு பியோன் அக்கா. மூவரும் நிலையமே நேரடியாக எடுத்த ஆட்கள். சம்பள ஏற்றத்துக்காக வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். இதுவரை நிரப்பியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இந்த வருடம் அந்த வேலை என் கைக்கு வந்திருக்கிறது.

படிவத்தில் நேரம் தவறாமை, விழிப்பு, பண்பு என்று மூன்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. வேறு எந்த விளக்கமும் இல்லை. போன வருடப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேருக்கும் மூன்று தலைப்பிலும் 3, 3, 3. அதற்கு முந்திய வருடமும் அப்படியே.

பகல் காவலாளிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். சொந்த ஊர் மூதூர் பக்கம். ஞாயிறு லீவுக்கு வீட்டுக்குப் போய்வருவார், மற்ற நாட்களில் டவுனிலேயே தங்குகிறார். வரவுப் புத்தகத்தைப் பார்த்தால், போன மாதம் 26 நாளில் 11 நாள் காலை 6 மணிக்குப் பிறகுதான் கையெழுத்து வைத்திருக்கிறார். அதனால் நேரத்துக்கு 2 போடலாம் என்று நினைத்தேன். விழிப்புக்கு என்ன போடுவது என்றே தெரியவில்லை. தூங்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பண்பைப் பற்றி ஊரில் பெரிய மனிதர் ஒருவர் எழுத்தில் முறைப்பாடு தந்திருக்கிறார், தன்னைக் கேற்றில் நிறுத்தி வைத்தாராம். இந்த மூன்றையும் வைத்து ஒரு மனிதனுடைய சம்பள ஏற்றத்தை முடிவு செய்வது சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நிலாவெளி ரவி | ஞாயிறு, இரவு 9.05

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கைரேகை மெசின் ஒன்றும் கேற்றுக்கு நேரே ஒரு கமராவும் போடுங்கள். நேரம் மெசினில் விழும், விழிப்பு கமராவில் தெரியும். பண்புக்குப் பொதுமக்கள் முறைப்பாட்டை எண்ணினால் போதும். எங்கள் ஹோட்டலில் அப்படித்தான். மனிதர் பார்த்துப் போடும் புள்ளியில் எப்போதும் பக்கச்சார்பு வரும்.

---

பாலையூற்று ஐயா | ஞாயிறு, இரவு 10.20

தங்கச்சியோ தம்பியோ தெரியவில்லை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் 22 வருடம் காவல் வேலையில் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் மேற்பார்வையாளர். படிவம் நிரப்பியும் இருக்கிறேன், படிவத்தால் அடியும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் அந்த 11 நாளைப் பார்ப்போம். 2 போடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் பகல் ஆள் எப்போது கையெழுத்து வைக்கிறார்? கேற்றுக்குள் கால் வைத்தவுடனா, இரவு ஆளிடம் சாவி எண்ணி வாங்கிய பிறகா? பல இடங்களில் வரவுப் புத்தகம் காவல் மேசையில்தான் கிடக்கும். மேசையில் இரவு ஆள் இருப்பார். வருகிறவர் சாவிக் கொத்தை எண்ணி, ஜெனரேட்டர் டீசலைப் பார்த்து, உள்ளே நிற்கும் வாகனங்களைப் பார்த்து, பிறகுதான் பேனாவைத் தொடுவார். ஒழுங்காகக் கைமாற்றுச் செய்கிறவனுக்கு அதற்குப் பத்து நிமிடம் போகும். எதையும் பார்க்காமல் சாவியை வாங்கி ஆணியில் கொழுவுகிறவன் 6 மணிக்கே கையெழுத்து வைத்துவிடுவான். புத்தகத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போட்டால் கவனமான ஆளுக்கு 2, கவனமில்லாத ஆளுக்கு 5 கிடைக்கும்.

ரவித் தம்பி சொன்ன மெசினும் இதே மாதிரித்தான். ஆள் எப்போது வந்தான் என்று அது சரியாகச் சொல்லும். எப்போது பொறுப்பு எடுத்தான் என்று சொல்லாது. இரண்டும் வேண்டும். புத்தகத்தில் ஒரு கோடு போட்டு, கேற்றுக்கு வந்த நேரம், பொறுப்பேற்ற நேரம் என்று இரண்டு கட்டமாக்குங்கள். வந்த நேரத்தைப் போகப்போகிற ஆள் எழுதட்டும், பொறுப்பேற்ற நேரத்தை வந்த ஆள் எழுதட்டும். அடுத்தவன் பிந்தினால் தன் வீட்டுக்குப் போக முடியாதவன், அவன் வந்த நேரத்தை முன்தள்ளி எழுத மாட்டான். நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த மாதம் எத்தனை நாள், மணி 6-க்கு, சீருடையோடு கேற்றில் நின்றார்.

---

மூதூர்க்காரி | ஞாயிறு, இரவு 10.48

ஐயா சொன்னதை வாசிக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் காவலாளி இல்லை, ஒரு கந்தோரில் உதவியாளர். எங்களுக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே பெயர் வந்தால் பிந்தியது என்று கணக்கு. ஒரு வருடம் எனக்கு நேரத்துக்கு மிகக் குறைந்த புள்ளி வந்தது. ஏனென்று பார்த்தால், வாரத்தில் இரண்டு நாள் காலையில் வீட்டிலிருந்து நேரே தபாற் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபால் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் வேறு, புள்ளி போட்டவர் வேறு. அந்த நாட்களெல்லாம் கோட்டுக்குக் கீழே. நான் போய்க் கேட்கவும் இல்லை. என்னிடம் யாரும் படிவத்தைக் காட்டவே இல்லை, சம்பளத் துண்டு வந்த பிறகுதான் தெரியும்.

பியோன் அக்காவுக்கும் நீங்கள்தான் போடுகிறீர்கள் என்றால், அவவை யார் யார் எங்கே எங்கே அனுப்புகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

---

உட்துறைமுகம் | திங்கள், மதியம் 12.30

பாலையூற்று ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியைக் காலையில் போய்க் கேட்டேன். ஆம், கைமாற்று முடிந்த பிறகுதான் கையெழுத்து. எங்களிடம் 14 சாவி. அவர் ஒவ்வொன்றையும் அட்டையில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப் பார்த்து வாங்குகிறார். இரவு ஆளே, 'அவர் எண்ணாமல் வாங்க மாட்டார்' என்று கொஞ்சம் சலிப்போடு சொன்னார்.

பிறகு கமராப் பதிவைப் பார்த்தேன். எங்கள் பெட்டியில் கடைசி 21 நாள்தான் நிற்கிறது. அந்த 11 நாளில் 8 நாள் அதற்குள் வந்தது. ஆறு நாள் 6 மணிக்கு முன்பே உள்ளே வந்திருக்கிறார். ஒரு நாள் 5.41-க்கு வந்து, சைக்கிளை வைத்துவிட்டுக் குழாயில் முகம் கழுவுகிறார். இரண்டு நாள் உண்மையில் பிந்தியிருக்கிறார், 25 நிமிடம், 40 நிமிடம். இரண்டும் திங்கட்கிழமை. மற்ற மூன்று நாளுக்குப் பதிவு இல்லை, அதை என்ன செய்வது?

---

பாலையூற்று ஐயா | திங்கள், பிற்பகல் 1.15

அந்த மூன்றை விட்டுவிடுங்கள். காட்ட முடியாததை ஒருவர் தலையில் போடக்கூடாது. ‘21 நாள் பார்க்க முடிந்தது, இரண்டு நாள் பிந்தினார், இரண்டும் திங்கள்’ என்று அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு வரியில், என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. ஞாயிறு ஊருக்குப் போனவர் திங்கள் முதல் பஸ்ஸை நம்பி வருகிறார். திங்களுக்கு மட்டும் இரவு ஆளோடு பேசி ஏழு மணிக் கைமாற்று வைக்க முடியுமா, இல்லை ஞாயிறு இரவே திரும்பி வரச் சொல்வதா என்று அவரிடமே கேளுங்கள். வெறும் 2 என்று போட்டிருந்தால் இது உங்களுக்கும் தெரிந்திருக்காது, அவருக்கும் விளங்கியிருக்காது.

---

வேலைதேடி96 | திங்கள், பிற்பகல் 3.02

அண்ணா, உங்கள் நிலையத்தில் காவலாளி இடம் காலியாக இருக்கிறதா? எனக்கு ஓ.எல். இருக்கிறது, சிங்களமும் கதைப்பேன். எப்படி விண்ணப்பிப்பது?

---

உட்துறைமுகம் | திங்கள், பிற்பகல் 3.20

தம்பி, இப்போது இடம் இல்லை. இருக்கிற ஆட்களை மதிப்பிடுவது பற்றித்தான் கேட்டேன். வந்தால் கட்டாயம் இங்கேயே போடுகிறேன்.

ஐயா, அடுத்து விழிப்பு. தூங்கவில்லை என்பதைத் தவிர வேறு எதைப் பார்ப்பது?

---

பாலையூற்று ஐயா | திங்கள், இரவு 9.10

கண் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஒன்றையும் பார்க்காமல் இருக்க முடியும். நான் மூன்றே மூன்று விஷயம்தான் பார்ப்பேன். முதலாவது, ஆள் இடத்தில் நிற்கிறாரா. இல்லையென்றால் எங்கே போனார் என்று புத்தகத்தில் இருக்க வேண்டும், அல்லது வேறு யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது, கடைசியாக உள்ளே போன வெளியாள் வருகைப் புத்தகத்தில் இருக்கிறாரா. மூன்றாவது, அவரிடம் சும்மா கேட்பேன்: 'இப்போது உள்ளே வெளியாள் எத்தனை பேர்?' விழிப்பாக இருக்கிற காவலாளி புத்தகத்தைப் புரட்டாமலே, 'மூன்று பேர் ஐயா, ஒரு ஆள் அக்கவுண்டில், இரண்டு பிள்ளைகள் ஃபோர்ம் வாங்க வந்தவை' என்பார். தலையைச் சொறிந்தால் அந்த நேரம் அவர் மனம் கேற்றில் இல்லை.

மூன்றுக்கும் ஆம், இல்லை மட்டும்தான். ஒன்றிலிருந்து ஐந்து எல்லாம் வேண்டாம். உங்களுக்கு மூன்றாகத் தெரிவது இன்னொருவருக்கு நாலு. ஆம், இல்லை என்றால் யார் போய்ப் பார்த்தாலும் ஒன்றுதான் வரும். ஒருமுறை நீங்களும் இன்னொருவரும் சேர்ந்து போய்த் தனித்தனியே எழுதிப் பாருங்கள். இருவர் தாளும் ஒத்துப்போகாவிட்டால் பிழை காவலாளியிடம் இல்லை, கேள்வி தெளிவில்லை.

எப்போது பார்ப்பது என்பதுதான் முக்கியம். பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வரும்போதும் வீட்டுக்குப் போகும்போதும்தான் காவலாளியைப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நேரமும் எவனும் எழுந்து நிற்பான். காலை 6 முதல் மாலை 6 வரை அரை மணிக்கு ஒரு நேரம் வீதம் துண்டுத் தாளில் எழுதி, ஒரு டின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள். மாதம் 12 துண்டு. துண்டில் என்ன நேரம் வருகிறதோ அந்த நேரம் போய்ப் பாருங்கள், பிடிக்கிற நேரம் அல்ல. கோபம் வந்த நாளில் போய்ப் பார்த்தால் கோபத்துக்கு ஏற்றதுதான் கண்ணில் படும்.

---

கிண்ணியா மாஸ்டர் | திங்கள், இரவு 10.02

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இது ஆளின் குணத்தோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போர் காலத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் சமிக்ஞையைத் தவற விடுகிறார்கள் என்று நோர்மன் மக்வேர்த் என்பவர் ஆராய்ந்தார். 1948-இல் வெளியிட்டார். ஒரு முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எப்போதாவது அது இரட்டைத் துள்ளல் துள்ளும், அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், இளைஞர்கள். ஒன்றும் நடக்காத இடத்தை உற்றுப் பார்ப்பது மனித மூளைக்குக் கஷ்டமான வேலை. பன்னிரண்டு மணி நேரக் காவலில் எல்லா நிமிடமும் ஒரே விழிப்பு எதிர்பார்ப்பது நியாயமில்லை. தவறுகள் எந்த மணியில் விழுகின்றன என்று பாருங்கள்.

---

நிலாவெளி ரவி | செவ்வாய், காலை 7.30

கமரா இருந்தால் டின்னும் துண்டும் தேவையில்லையே. முழு நாளையும் ஓட விட்டுப் பார்க்கலாம்.

---

பாலையூற்று ஐயா | செவ்வாய், காலை 8.05

பன்னிரண்டு மணி நேரத்தை ஓடவிட்டு யார் பார்ப்பது தம்பி? அதைப் பார்க்கிறவருக்கும் அரை மணியில் கண் சோரும், மாஸ்டர் சொன்னதைப் பாருங்கள். கமரா நல்லது, ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் திரும்பிப் பார்க்க. உள்ளே எத்தனை பேர் என்று ஆள் மனதில் இருக்கிறதா என்பதைக் கமரா காட்டாது.

இரவு ஆளுக்கு வேறு வழி. அவருடைய சம்பவப் புத்தகத்தைப் பாருங்கள். ஒரு அனுபவம் சொல்கிறேன். ஒரு மார்கழி மாதம், நல்ல மழை. நான் மேற்பார்த்த ஓரிடத்தில் இரவு 1.50-க்குக் கரண்ட் போய் 3.30-க்கு வந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் போனது, அதனால் நேரம் எனக்கு நிச்சயம். காலையில் புத்தகத்தை எடுத்தேன். 1.00 எல்லாம் சரி. 2.00 எல்லாம் சரி. 3.00 எல்லாம் சரி. 4.00 எல்லாம் சரி. நான்கு வரியும் ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. மூன்றாவது வரியில் பேனா மை கொஞ்சம் மங்கி, நான்காவதில் திரும்பவும் மங்கலாகத் தொடர்ந்தது. ஒரே இருப்பில் எழுதியது. கரண்ட் போனது ஒரு சொல்லும் இல்லை. வெளியே நடந்திருந்தால் மழையாவது எழுதியிருப்பார். டோர்ச் வெளிச்சத்தில் எழுதியவனுடைய எழுத்து கோட்டை விட்டு ஓடும், அது எனக்குக் கைப்பழக்கம்.

இரவு ஆளை விடிய மூன்று மணிக்குப் போய்ப் பயமுறுத்த வேண்டியதில்லை. உண்மையில் எழுதிய புத்தகத்தில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்: 1.10, 2.05, 'பின்பக்க மாடு உள்ளே வந்தது, துரத்தினேன்', 'மேல்மாடி யன்னல் ஒன்று அடித்தது, சாத்தினேன்'. மாதத்தில் எத்தனை இரவு அப்படி ஏதாவது ஒன்றாவது எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். மழை, கரண்ட் போன இரவுகளை நீங்களே தனியாகக் குறித்து வைத்து ஒத்துப் பாருங்கள்.

---

சல்லிக் கடற்கரை | செவ்வாய், காலை 9.40

ஐயாவை மதிக்கிறேன், ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் அப்பா இரவுக் காவலாளி. எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரியும். அவர் எல்லா வரியிலும் 'சரி' என்றுதான் எழுதுவார், ஏனென்றால் அதைத் தவிர எழுத வராது. ஆனால் ஒரு இரவும் சுற்றாமல் இருந்ததில்லை. விடியும்போது அவர் செருப்பில் ஈர மண் இருக்கும். புத்தகத்தை வைத்து மதிப்பிட்டால் எழுதத் தெரிந்தவன் ஜெயிப்பான்.

---

பாலையூற்று ஐயா | செவ்வாய், காலை 11.15

நீங்கள் சொல்வது சரி. நான் அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். எழுத வராதவருக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். சுற்றும் வழியில் நாலு இடத்தில் அட்டை கொழுவி, சுற்றுக்கு ஒருமுறை அதைப் புரட்டிவிடச் சொல்வார்கள். அதையும் ஒரே ஓட்டத்தில் போய்ப் புரட்டிவிட்டு வந்து படுப்பவர்கள் இருக்கிறார்கள். முழுக்கச் சரியான வழி ஒன்றும் நான் காணவில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

---

கிண்ணியா மாஸ்டர் | செவ்வாய், மாலை 5.30

பண்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அந்தப் பெரிய மனிதரின் முறைப்பாட்டில் என்ன எழுதியிருக்கிறது? கேற்றில் நிறுத்தினார் என்பதா, நிறுத்தும்போது மரியாதையில்லாமல் பேசினார் என்பதா? இரண்டும் ஒன்றல்ல. நிறுத்துவது அவர் வேலை.

---

உட்துறைமுகம் | செவ்வாய், இரவு 8.15

மாஸ்டர், கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். 'என்னை யாரென்று தெரியாமல் பெயர் எழுதச் சொன்னார், பணிப்பாளர் போனில் சொல்லும் வரை வெளியே நிற்க வைத்தார்' என்றுதான் இருக்கிறது. என்ன சொற்கள் சொன்னார் என்று ஒன்றும் இல்லை. காவலாளியிடம் கேட்டேன். 'ஐயா, கொஞ்சம் இந்த நிழலில் இருங்கோ, மேலே கேட்டுச் சொல்றன் என்றுதான் சொன்னேன்' என்கிறார். கதிரை ஒன்றும் எடுத்துப் போட்டாராம். பியோன் அக்காவும் அதைப் பார்த்திருக்கிறா.

---

மூதூர்க்காரி | செவ்வாய், இரவு 8.50

அப்படியென்றால் அது முறைப்பாடே இல்லை. நல்ல புள்ளி கொடுக்க வேண்டிய இடம். பெரிய மனிதரையும் பெயர் எழுதாமல் விடாத காவலாளி எத்தனை பேர்?

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். முறைப்பாடு எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். என் உம்மா மாதிரி ஆட்கள் எழுத மாட்டார்கள். ஒருமுறை ஒரு கந்தோர் கேற்றில் உம்மாவை 'எங்க போற?' என்று கேட்டான். எனக்கு முன்னால் காற்சட்டை போட்டு வந்தவரிடம் 'எங்க ஐயா போகணும்?' என்று கேட்ட அதே வாய். உம்மா ஒன்றும் சொல்லவில்லை, வரும் வழி முழுக்கப் பேசாமல் வந்தா. முறைப்பாட்டை எண்ணினால் அவனுக்கு ஒரு குறையும் வராது.

---

பாலையூற்று ஐயா | செவ்வாய், இரவு 9.25

தங்கச்சி சொன்னதைத்தான் அளவுகோலாக்க வேண்டும். பண்பு என்றால் சிரிப்பதல்ல. கேற்றில் முப்பத்தைந்து பாகை வெயிலில் நிற்கிறவன் எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். காதில் கேட்கக்கூடியதையும் கண்ணில் காணக்கூடியதையும் எடுங்கள். வந்தவர் கேட்பதற்கு முன் தானே பேசினாரா. சாரம் கட்டி வந்தவரிடமும் 'நீங்கள்' என்றாரா. இல்லை என்று சொல்லும்போது ஏன் என்றும் எப்போது வரலாம் என்றும் சொன்னாரா.

துண்டில் வரும் நேரத்துக்குப் போகும்போது, கேற்றுக்குத் தள்ளி நின்று, வருகிற முதல் இரண்டு பேரை மட்டும் கவனியுங்கள். ஆளைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டாம். மாதத்தில் இருபத்துச் சொச்சம் பேர் வருவார்கள். அதில் உடுப்பு நல்லாய் இருந்தவர்களுக்கு ஒரு பேச்சு, இல்லாதவர்களுக்கு ஒரு பேச்சு என்றால் தாளில் தானாகத் தெரியும்.

பாஷையும் இருக்கிறது. நம்முடைய ஊரில் கேற்றுக்குத் தமிழும் வரும், சிங்களமும் வரும். காவலாளிக்குச் சிங்களம் தெரியவில்லை என்பதைப் பண்புக் குறை என்று எழுதாதீர்கள். தெரியாதபோது கையைக் காட்டித் துரத்தினாரா, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டாரா என்று எழுதுங்கள்.

---

ஒப்பந்தம் | புதன், காலை 10.10

ஒரு விஷயம் எல்லோரும் கவனிக்க வேண்டும். இங்கே நேரடியாக எடுத்த ஆட்கள் என்பதால் பரவாயில்லை. பாதுகாப்புக் கம்பனி மூலம் வந்த காவலாளி என்றால் அவருடைய முதலாளி கம்பனிதான், சம்பள ஏற்றம் உங்கள் கையில் இல்லை. 1998-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டப்படி அந்தக் கம்பனிகள் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் தர வேண்டியது எத்தனை நாள் ஆள் வரவில்லை, கேற் எத்தனை மணி நேரம் ஆளில்லாமல் கிடந்தது என்ற சேவை அறிக்கை. பல இடங்களில் அதை விட்டுவிட்டு, 'இந்த ஆள் பிடிக்கவில்லை, மாற்று' என்று போன் போடுகிறார்கள். அடுத்த நாள் புது ஆள் வருவார், பழையவர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை.

---

உட்துறைமுகம் | ஐந்து வாரத்துக்குப் பிறகு, வெள்ளி, இரவு 7.50

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதல் வேலையாகப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் மூவரையும் கூப்பிட்டு, எதைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். இரவு ஆள் கொஞ்சம் முகம் சுளித்தார். பகல் ஆள் ஒன்றும் சொல்லவில்லை.

நேரம்: 26 நாளில் 25 நாள் 6 மணிக்கு முன் கேற்றில். திங்களுக்கு மட்டும் 7 மணிக் கைமாற்று என்று இருவரும் தங்களுக்குள் பேசி, இரவு ஆள் சனி மாலை ஒரு மணி நேரம் பிந்தி வருகிறார். அந்தத் திங்கட்கிழமைகளை 7 மணிக் கணக்கில்தான் எடுத்தேன். பிந்திய அந்த ஒரு நாளும் எந்த நாள் என்று புத்தகத்தில் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, மகளுக்குக் காய்ச்சல்.

விழிப்பு: 12 துண்டில் 9-இல் மூன்று கேள்விக்கும் ஆம். மூன்றில் தவறியது. தவறிய நேரங்கள் பிற்பகல் 2.30, 3.00, 2.30. பிற்பகல் 2-க்கும் 4-க்கும் இடையில் விழுந்த துண்டு மொத்தமே நாலுதான், அதில் மூன்று. மாஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருநாள் அந்த நேரம் அவருடைய கதிரையில் நானே போய் உட்கார்ந்தேன். பிற்பகல் வெயில் மேசைக்கு நேரே விழுகிறது. அதனால் கதிரையை வேப்ப மரத்தடிக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். அங்கிருந்து பெரிய கேற் தெரிகிறது, சின்னக் கேற் தெரியாது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாம் சின்னக் கேற்றால்தான் உள்ளே போகிறார்கள். புத்தகத்தில் பெயர் விடுபட்ட இருவரும் அப்படி வந்தவர்கள். காலை ஆறிலிருந்து அந்த நேரம் வரை மதியச் சாப்பாட்டைத் தவிர அவரை விடுவிக்க யாரும் இல்லை.

மேசைக்கு மேலே தகரம் ஒன்று இறக்கியிருக்கிறோம். 2.30-க்குப் பியோன் அக்கா இருபது நிமிடம் கேற்றில் இருக்கிறா, அவர் போய்க் கால் நீட்டி வருகிறார். அக்காவுக்கு அது கூடுதல் வேலை, அதையும் அவவுடைய தாளில் எழுதியிருக்கிறேன்.

பண்பு: 24 பேரைக் கவனித்தேன். 21 பேரிடம் அவரே முதலில் பேசினார். எல்லோரிடமும் 'நீங்கள்'. திருப்பி அனுப்பியது நாலு பேரை, மூவருக்கு எப்போது வரலாம் என்று சொன்னார். ஒருவருக்குச் சொல்லவில்லை, அவர் சிங்களத்தில் கேட்டார். இவர் பியோன் அக்காவைக் கூப்பிடுவதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போது என் பிரச்சினை வேறு. படிவத்தில் இன்னும் 1 முதல் 5 வரை என்றுதான் இருக்கிறது. 12-இல் 9 என்றால் 3-ஆ 4-ஆ? பணிப்பாளர் எண்ணைத்தான் கேட்கிறார், தாளை வாசிக்க அவருக்கு நேரமில்லை.

---

பாலையூற்று ஐயா | வெள்ளி, இரவு 9.00

12 என்பது சின்ன எண்ணிக்கை. 9-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு துண்டு எந்த நேரத்தில் விழுந்தது என்பதுதான். அதை வைத்து இரண்டு காவலாளிகளில் யார் மேல் என்று ஒப்பிட வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 4 போட்டு, பக்கத்தில் 'தவறிய மூன்றும் பிற்பகல், கதிரை இடம் மாற்றப்பட்டது' என்று எழுதுவேன்.

---

நிலாவெளி ரவி | வெள்ளி, இரவு 9.25

நான் 3 போடுவேன். காரணம் எதுவாக இருந்தாலும் இரண்டு பேர் பெயர் எழுதாமல் உள்ளே போயிருக்கிறார்கள். அதில் ஒருவன் திருடனாக இருந்திருந்தால்? கதிரையை இழுத்தவர் சின்னக் கேற் தெரியவில்லை என்று வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஐயா, கைமாற்று விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. எங்கள் ஹோட்டலிலும் மெசின் பக்கத்தில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறோம்.

---

மூதூர்க்காரி | வெள்ளி, இரவு 9.40

வந்து சொல்லலாம் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தார்களா? உட்துறைமுகம், எண்ணை எழுதுவதற்கு முன் தாளை அவரிடம் காட்டினீர்களா?

---

உட்துறைமுகம் | வெள்ளி, இரவு 10.05

இன்னும் இல்லை. திங்கள் 7 மணிக் கைமாற்று முடிந்ததும் காட்டுகிறேன். படித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்க ஒரு இடமும், அவர் சொல்ல விரும்புவதை எழுத நாலு வரியும் விட்டிருக்கிறேன்.